நாலு இடம், மூணு குழு: கோடை விடுமுறை ராட்டினம்



பரீட்சை முடிந்து லீவு விட்டதும் நம்மில் நிறையப் பேருக்கு ஒரு வேலை தானாக வந்து சேரும். அம்மா அப்பா வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருக்கிற தம்பி தங்கச்சிகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். போன மே மாதம் எங்கள் தெருவில் அப்படி எட்டுப் பிள்ளைகள் என் பொறுப்பில் இருந்தார்கள். நாலு வயசுத் தம்பியும் இருந்தான், பன்னிரண்டு வயசுப் பையனும் இருந்தான். எல்லோருக்கும் ஒரே விளையாட்டு வைத்தால் சின்னது அழும், பெரியது ஓடிப்போகும். அதனால் திருவிழா ராட்டினம் மாதிரி ஒன்று போட்டேன். பெட்டிக்குப் பதில் நாலு இடம். பிள்ளைகள் குழுவாகச் சுற்றி வருவார்கள். அதை எப்படிச் செய்வது, நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் குழு பிரிப்பது. மூணு வயசு முதல் அஞ்சு வயசு வரை சின்னக் குழு. எங்களிடம் இரண்டு பேர். ஆறு முதல் எட்டு வரை நடுக் குழு, மூன்று பேர். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பெரிய குழு, அதிலும் மூன்று பேர். முதல் நாள் நான் வயசு பார்க்காமல் கலந்து விட்டேன். பெரியவர்களே எல்லாவற்றையும் செய்தார்கள், சின்னவர்கள் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளே பிரித்துவிட்டேன்.

இடம் நாலு. வேப்ப மரத்தடியில் மண் இடம். வாசலில் வெயில் விழுகிற பக்கம் நிழல் இடம். வீட்டுக்கு முன்னால் கொட்டை இடம். திண்ணை மேலே ஓலை இடம். சுற்றுகிற வரிசையும் இதேதான்: மண், நிழல், கொட்டை, ஓலை, மறுபடி மண். மண்ணுக்கும் நிழலுக்கும் நடுவில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டால், கை கழுவாமல் யாரும் அடுத்த இடத்துக்குப் போக முடியாது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒரு இடத்தில் 25 நிமிடம். நாலு சுற்றும் முடிய 10.40 ஆகும். அதற்கு மேல் வெயில் தாங்காது.

ஒரே இடம்தான், ஆனால் வேலை வயசுக்கு வயசு வேறே. இதுதான் ராட்டினத்தின் முறை.

மண் இடத்துக்குக் கண்மாயில் எடுத்த கரம்பை மண் நல்லது. முதல் நாள் இரவே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, காலையில் கல்லும் நத்தை ஓடும் பொறுக்கிவிட்டுப் பிசைய வேண்டும். மண் சரியா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. விரல் தடிமனில் கயிறு மாதிரி உருட்டி, ஆள்காட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். சுற்றும்போதே வெடித்தால் மணல் அதிகம், இல்லையென்றால் ஈரம் போதவில்லை. வெடிக்காமல் சுற்றினால் பிசைவதற்கு நல்ல மண். ஆனால் அதிலும் ஒன்று உண்டு. ரொம்ப வழவழப்பான மண் பிசையும்போது நன்றாக இருக்கும், காயும்போது பிளந்துவிடும். அதற்கு நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்துக்கொண்டேன்.

சின்னக் குழுவுக்கு மண்ணைத் தட்டித் தட்டி அடை மாதிரி பண்ணி, அதன் மேல் ஒரு இலையை அழுத்தி எடுக்கிற வேலை. இலை நரம்பு அப்படியே பதிந்திருக்கும். நடுக் குழு செப்புச் சாமான் செய்யும். பெரிய குழு உருண்டைக்குள் கட்டை விரலை விட்டுச் சுற்றிச் சுற்றிக் குழித்துச் சட்டி செய்யும். சட்டியின் ஓரம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். முதல் நாள் செய்ததை எல்லாம் வெயிலில் வைத்தோம். மத்தியானத்துக்குள் எல்லாம் பிளந்துவிட்டது. வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது, உள்பக்கம் ஈரமாகவே இருப்பதால் சுருங்கவில்லை. அந்த இழுப்பில்தான் வெடிப்பு விழுகிறது. அப்புறம் ஈரத் துணி போட்டு மூடி, நிழலில் மூன்று நாள் வைத்தோம். பெரும்பாலும் தப்பித்தது. ஆனாலும் சுடாத மண் மண்தான். ஒரு பையன் தன் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மறுநாள் வந்து சட்டியைத் தேடினான்.

நிழல் இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரு மீட்டர் உயரம் வெளியே தெரிகிற மாதிரி ஒரு நேரான குச்சியை ஊன்ற வேண்டும். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கல்லைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால் போதும். முதல் நாள் மட்டும் கடிகாரம் பார்த்து 9 மணி, 9.25, 9.50, 10.15, 10.40 என்று நிழலின் நுனியில் ஒவ்வொரு கல் வைத்தேன். மறுநாளிலிருந்து அந்தக் கல்லே எங்களுக்குப் பள்ளிக்கூட மணி. நிழல் நுனி அடுத்த கல்லைத் தொட்டதும் எல்லோரும் இடம் மாற வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துச் சரி பண்ணினேன், அவ்வளவுதான்.

இங்கே சின்னக் குழுவுக்குத் தன் நிழலைத் தானே மிதிக்கிற விளையாட்டு. நடுக் குழு ஒருவரை நிற்க வைத்து அவர் நிழலைச் சுண்ணாம்புக் கட்டியால் வரையும். அவர்கள் இடம் மாறும்போது மறுபடி அதே இடத்தில் நிற்க வைத்தால் நிழல் கோட்டை விட்டு நகர்ந்திருக்கும். பெரிய குழு குச்சி நிழலை அளந்து நோட்டில் எழுதும். எங்கள் ஊர் மதுரைப் பக்கம். மே நடுவில் ஒன்பது மணிக்கு நிழல் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. 10.40-க்கு அரை மீட்டருக்கும் கீழே வந்துவிட்டது.

பெரிய குழுவில் ஒரு பையன் மத்தியானமும் அளந்து பார்ப்போம் என்றான். உச்சி வேளையில் நிழல் சுத்தமாக இருக்காது என்று அவன் பந்தயம் கட்டினான். ஓடிப் போய்ப் பார்த்தால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நிழல் இருந்தது. அதுவும் தெற்குப் பக்கம் விழுந்திருந்தது! டிசம்பர் மாதத்தில் பார்த்தால் மத்தியான நிழல் வடக்கே விழும். மே மாதத்தில் சூரியன் நம் தலைக்கு மேலே இல்லை, கொஞ்சம் வடக்கே தள்ளிப் போய்விடுகிறது. எங்கள் பக்கம் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுவில் ஒரு நாள், ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள். அந்த இரண்டு நாளில்தான் குச்சிக்கு நிழல் இருக்காது. இன்னொன்றும் கண்டுபிடித்தோம். நிழல் ரொம்பச் சின்னதாவது சரியாக 12 மணிக்கு இல்லை, 12.15 வாக்கில். நம் கடிகாரம் இந்தியா முழுவதற்கும் பொதுவான ஒரே நேரத்தைக் காட்டுகிறது. அந்த நேரத்துக்குக் கணக்கு வைத்திருக்கிற தீர்க்கக் கோட்டுக்கு நாம் மேற்கே இருப்பதால் நமக்கு உச்சி கொஞ்சம் லேட்டாக வருகிறது. புவியியல் பாடத்தில் மனப்பாடம் பண்ணியது எங்கள் வாசலிலேயே நடந்தது.

கொட்டை இடத்தில் நடுக் குழுவுக்குப் புளியங்கொட்டையில் ஒத்தையா ரெட்டையா. பெரிய குழுவுக்குப் பல்லாங்குழி. பலகை இல்லை, தரையில் ஏழு ஏழாக 14 குழி தோண்டிக்கொண்டோம். குழிக்கு 5 வீதம் 70 கொட்டை. ஆட்டத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் பாட்டியைக் கேட்டால் சொல்லுவார்கள். குன்றிமணியை மட்டும் வைத்து ஆடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடித்து மென்று விழுங்கினால் அது விஷம். சின்னக் குழுவுக்கு இந்த இடத்தில் கொட்டையே கிடையாது. கொட்டாங்குச்சி மட்டும்தான். ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவது, தட்டி விடுவது. ஏன் கொட்டை கிடையாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஓலை இடத்தில் சின்னக் குழு இலைகளைப் பெரிசு சிறிசாக அடுக்கும். நடுக் குழுவுக்குப் பூவரச இலையில் பீப்பீ. இலையைச் சுருட்டி ஒரு நுனியை மட்டும் விரலால் நசுக்கித் தட்டையாக்கி ஊத வேண்டும். ரொம்பத் தளிர் இலை கிழிந்துவிடும், முற்றிய இலை சுருட்டும்போதே உடையும், நடுத்தரமானது எடுங்கள். பெரிய குழுவுக்குப் பனை ஓலைக் காற்றாடி. ஈர்க்கை உரித்துவிட்டு இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்துக் கூட்டல் குறி மாதிரி வைக்க வேண்டும். நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் கூரான நுனியைச் சோளத்தட்டையின் நெட்டிக்குள் இறக்க வேண்டும். ஓலையில் இருக்கிற ஓட்டை முள்ளை விடக் கொஞ்சம் பெரிசாக இருந்தால்தான் சுற்றும். நடுவில் இருந்து பார்க்கும்போது நாலு இறக்கையிலும் வலப்பக்க ஓரத்தை மட்டும் நம்மை நோக்கி லேசாக மடிக்க வேண்டும். காற்றாடி நடுங்குகிறது ஆனால் சுற்றவில்லை என்றால், ஏதோ ஒரு இறக்கையை இடப்பக்கம் மடித்திருக்கிறீர்கள். ஒன்று ஒரு பக்கம் தள்ள, இன்னொன்று எதிர்ப்பக்கம் தள்ளும்.

வேண்டிய பொருட்கள் (எட்டுப் பிள்ளைகளுக்கு):

மண் இடம்: கரம்பை மண் ஒரு சட்டி, சலித்த மணல் கால் சட்டி, ஈரச் சாக்கு ஒன்று, பழைய துணி, தண்ணீர் வாளி.
நிழல் இடம்: நேரான குச்சி, நூலும் கல்லும், அடையாளத்துக்குக் கூழாங்கல் பத்து, சுண்ணாம்புக் கட்டி, அளவு நாடா அல்லது ஸ்கேல், பழைய நோட்டு.
கொட்டை இடம்: கொட்டாங்குச்சி எட்டு (நார் உரித்து, ஓரம் தேய்த்தது), புளியங்கொட்டை 70, மூடி உள்ள டப்பா ஒன்று.
ஓலை இடம்: பூவரச இலை ஒரு கைப்பிடி, பனை ஓலைத் துண்டு ஆறு, கருவேல முள் மூன்று, சோளத்தட்டை மூன்று, கத்தரிக்கோல் ஒன்று.
எல்லோருக்கும்: குடிக்கத் தண்ணீர் ஒரு குடம், முடிந்தால் மோர்.

கடையில் காசு கொடுத்து வாங்கியது சுண்ணாம்புக் கட்டி மட்டும்தான்.

இனி நான் பண்ணின தப்பு. குழு மூன்று, இடம் நாலு. அதனால் எப்பவும் ஒரு இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் தப்பு நடந்தது.

சின்னப் பிள்ளைகள்தான் எல்லாவற்றையும் இறைத்துப் போடுவார்கள், அவர்கள் போனதும் கூட்டிப் பெருக்க நேரம் வேண்டும் என்று நினைத்தேன். அதனால் சின்னக் குழு விட்டுப் போகிற இடம் காலியாகிற மாதிரி வைத்தேன். முதல் சுற்றில் சின்னக் குழு மண்ணில், நடுக் குழு நிழலில், பெரிய குழு கொட்டையில், ஓலை காலி. இப்படிச் சுற்றினால் சின்னக் குழு போகிற இடம் எல்லாம் நடுக் குழு அப்போதுதான் எழுந்து போன இடமாக இருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மூன்றாவது சுற்று. நடுக் குழு ஒத்தையா ரெட்டையா முடித்துவிட்டு ஓலை இடத்துக்கு ஓடியது. தம்பி கொட்டாங்குச்சி அடுக்க வந்து உட்கார்ந்தான். தரையில் ஒரு சின்னப் புளியங்கொட்டை கிடந்திருக்கிறது. நான் மறுபக்கம் நிழல் இடத்தில் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவன் அதை எடுத்து மூக்குக்குள் விட்டுக்கொண்டான். அழவில்லை, "அக்கா, காணாம்" என்று மட்டும் சொன்னான்.

எனக்குக் கை கால் உதறியது. ஒரு பிள்ளை ஊக்கு எடுத்துக்கொண்டு ஓடி வந்தது. நல்லவேளை, பக்கத்து வீட்டு அத்தை வந்து தடுத்துவிட்டார்கள். வாயால் மூச்சு விடச் சொல்லித் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் ஒரு கருவியை வைத்து எடுத்துவிட்டார். ஊக்கோ விரலோ விட்டால் கொட்டை இன்னும் உள்ளே போய்விடும், உள்ளே போனால் மூச்சுக்குழாய்க்குக் கூடப் போகலாம், கொட்டையும் பயறும் மூக்கு ஈரத்தில் ஊறிப் பெரிசாகும், அதனால் தண்ணீரும் ஊற்றக்கூடாது, உடனே தூக்கிக்கொண்டு வருவதுதான் சரி என்று நர்ஸ் அக்கா சொன்னார். சாயங்காலம் அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் ராட்டினத்தை நிறுத்திவிட்டேன். அப்புறம் நோட்டில் நாலு கட்டம் போட்டு, சின்னக் குழுவுக்கு 'சி', நடுவுக்கு 'ந', பெரிசுக்கு 'பெ' என்று எழுதி நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். காலி இடம் சின்னக் குழுவுக்குப் பின்னால் இருக்கக்கூடாது, முன்னால் இருக்க வேண்டும். அப்போது அவர்கள் அடுத்து எங்கே போனாலும், 25 நிமிடம் காலியாக இருந்து நான் பெருக்கிப் பார்த்த இடத்துக்குத்தான் போவார்கள். அவர்கள் இறைத்துவிட்டுப் போகிற இடத்துக்குப் பெரிய குழு வரும். அது தானே பெருக்கிக்கொள்ளும், அதற்கு என்ன!

புது வரிசை இப்படி வந்தது. முதல் சுற்று: சின்னக் குழு நிழலில், கொட்டை காலி, நடுக் குழு ஓலையில், பெரிய குழு மண்ணில். இரண்டாம் சுற்று: சின்னக் குழு கொட்டை இடத்தில், ஓலை காலி, நடுக் குழு மண்ணில், பெரிய குழு நிழலில். மூன்றாம் சுற்று: சின்னக் குழு ஓலையில், மண் காலி, நடுக் குழு நிழலில், பெரிய குழு கொட்டையில். நாலாம் சுற்று: சின்னக் குழு மண்ணில், நிழல் காலி, நடுக் குழு கொட்டையில், பெரிய குழு ஓலையில்.

போட்டுப் பார்த்த பிறகுதான் இதில் இன்னும் இரண்டு நன்மை தெரிந்தது. சின்னக் குழு வெயிலில் நிற்பது முதல் சுற்றில், ஒன்பது மணிக்கு. வெயில் ஏறுவதற்குள் அவர்கள் நிழலுக்குள் வந்துவிடுவார்கள். அதோடு புளியங்கொட்டை டப்பாவை விட்டு வெளியே வருவதே மூன்றாம் சுற்றில்தான், முள் வருவது நாலாம் சுற்றில்தான். அதற்குள் சின்னக் குழு அந்த இரண்டு இடத்தையும் முடித்திருக்கும். காலி இடம் எப்பவும் சின்னக் குழுவுக்கு அடுத்த இடமாக வருவதால் நான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து இவர்களையும் பார்க்கலாம், அதையும் பெருக்கலாம்.

வரிசை மட்டும் போதாது என்றும் தெரிந்துகொண்டேன். பக்கத்து இடத்துக்கு எழுந்து நடக்க நாலு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் கொட்டைக்கு ஒரு கணக்கு வைத்தோம். ஆட்டம் முடிந்ததும் யாரும் எழுந்திரிக்கக்கூடாது. 70 கொட்டையையும் மறுபடி குழிக்கு 5 வீதம் போட வேண்டும். நடுக் குழு ஆடினாலும் இப்படித்தான். ஏதாவது ஒரு குழியில் நாலு இருந்தால் ஒன்று காணோம் என்று அர்த்தம். கிடைக்கிற வரைக்கும் தேட வேண்டும். கிடைத்த பிறகுதான் டப்பாவில் போட்டு மூடி, உத்திரத்தில் மாட்டுவோம். முள்ளும் அப்படித்தான், மூன்று கொடுத்தால் மூன்றும் காற்றாடியில் இருக்க வேண்டும். மீதி லீவில் இரண்டு தடவை ஒரு கொட்டை குறைந்தது. ஒரு தடவை ஒரு பெண்ணின் பாவாடை மடிப்பில் இருந்தது. இன்னொரு தடவை கால் மணி நேரம் தேடிக் கோழி நிற்கிற இடத்தில் கண்டுபிடித்தோம்.

கடைசியாக ஒன்று. சின்னக் குழு 25 நிமிடமும் ஒரே வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்து நிமிடம் செய்தால் பெரிய விஷயம். மீதி நேரம் தண்ணீர் குடிக்கும், ஒண்ணுக்குப் போகும், மடியில் வந்து படுக்கும். எங்கள் தம்பி பல நாள் நாலாம் சுற்றில் மண்ணைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனான்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி